வினையைப் பிடித்து எழுவாயைக் கேளுங்கள்

எஸ்.எஸ்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பணியாளர் தேர்வாணையத்தின் சி.ஜி.எல். தேர்வில், முதல் கட்டத்துக்கு 60 நிமிடம், 100 கேள்விகள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 36 விநாடி. அந்த நூறில் 25 ஆங்கிலக் கேள்விகள். கோச்சிங் சென்டர்களில் ‘ஸ்பாட்டிங் எரர்ஸ்’ என்று சொல்லித்தரப்படும் வகையும் அதில் வரும். கணினித் திரையில் ஒரு வாக்கியம் மூன்று நான்கு துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். எந்தத் துண்டில் பிழை என்று காட்ட வேண்டும். பிழையே இல்லை என்னும் பொருளில் ‘நோ எரர்’ என்பதும் சில கேள்விகளில் ஒரு விடையாகக் காத்திருக்கும். சரியாகக் காட்டினால் இரண்டு மதிப்பெண். தவறாகக் காட்டினால் அரை மதிப்பெண் போய்விடும்.

தேர்வு எழுதுகிறவர்களில் பலர் இதற்குக் கையாளும் வழி ஒன்றுதான். வாக்கியத்தை மனத்துக்குள் வாசித்துப் பார்க்கிறார்கள். எந்த இடம் காதை உறுத்துகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறு வயதிலிருந்து நிறைய ஆங்கிலம் படித்தவர்களுக்கு இது ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் கேள்வி தயாரிப்பவர் குறிவைப்பதே அந்தக் காதைத்தான். காது பக்கத்துப் பக்கத்துச் சொற்களைத்தான் சேர்த்துக் கேட்கும். பிழையோ பெரும்பாலும் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டுமே நல்ல சொற்கள். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாக்கியத்தை எடுத்து முழுவதுமாகப் பிரித்துப் பார்ப்போம்.

```
(A) The quality of the mangoes
(B) that were sent to the market last week
(C) have been praised
(D) by several buyers.
```

வேகமாக வாசித்தால் எங்கும் தடுக்கவில்லை. சிலருக்கு இரண்டாம் துண்டில் வரும் ‘வேர்’ மட்டும் லேசாகச் சந்தேகம் கிளப்பும். ‘தட்’ என்ற சொல் ஒருமை போலத் தெரிவதால், ‘வாஸ்’ என்று இருக்க வேண்டுமோ என்று தோன்றும். அங்கேதான் அரை மதிப்பெண் பறிபோகிறது.

முறையாகப் பார்க்கிறவர் முதலில் வினைச்சொற்களை எண்ணுவார். காலம் காட்டும் வினைகள் இங்கே இரண்டு: ‘வேர் சென்ட்’, ‘ஹேவ் பீன் பிரெய்ஸ்டு’. அடுத்து ஒவ்வொரு வினையையும் தமிழில் ஒரு கேள்வியாக மாற்றுவார். அனுப்பப்பட்டவை எவை? மாம்பழங்கள். பன்மை, ஆகவே ‘வேர்’ சரி. பாராட்டப்பட்டது எது? மாம்பழங்களா, அவற்றின் தரமா? தரம்தான். ‘குவாலிட்டி’ ஒருமை, ஆகவே ‘ஹேவ்’ வரக் கூடாது, ‘ஹேஸ்’ வர வேண்டும். பிழை மூன்றாம் துண்டில். ‘ஹேவ்’ என்பதை ‘ஹேஸ்’ ஆக்கினால் வாக்கியம் சரியாகிவிடும்.

எழுவாயான ‘குவாலிட்டி’க்கும் அதன் வினைக்கும் நடுவில் பதினோரு சொற்கள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் ‘மேங்கோஸ்’ என்ற பன்மைச் சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. படிக்கிறவரின் நினைவில் கடைசியாகப் பதிந்த பெயர்களில் பன்மையாக இருப்பது அதுதான். ‘வேர்’ என்ற பன்மை வினை அந்தப் பதிவை இன்னும் ஆழமாக்குகிறது. பிறகு வரும் ‘ஹேவ்’ இயல்பாகக் காதில் இறங்கிவிடுகிறது.

இது தமிழர்களுக்கு மட்டும் நேரும் சறுக்கல் இல்லை. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து மீதியைச் சொல்லி முடிக்கச் சொன்னார்கள். எழுவாய் ஒருமையாக இருந்து, வினைக்குப் பக்கத்தில் ஒரு பன்மைப் பெயர் நின்றபோது அவர்களும் தடுமாறிப் பன்மை வினையைச் சொன்னார்கள். எழுவாய் பன்மையாக இருந்து, பக்கத்துப் பெயர் ஒருமையாக இருந்தபோது அந்தத் தடுமாற்றம் மிகவும் குறைவு. பன்மைக்குத்தான் வினையைத் தன் பக்கம் இழுக்கும் பலம் அதிகம். பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டினாலும் இந்த வகைக் கேள்விகளில் ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு பன்மைப் பெயர் நிற்பதைத்தான் அடிக்கடி காணலாம்.

தமிழில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு இல்லை என்று யோசித்தால், பிழையைப் பிடிக்க ஒரு நல்ல வழி கிடைக்கிறது. ‘போன வாரம் சந்தைக்கு அனுப்பப்பட்ட மாம்பழங்களின் தரம் பாராட்டப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். தமிழில் அடைமொழிகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடுகின்றன. சந்தை, மாம்பழம் எல்லாம் முதலில் போய்விட, ‘தரம்’ நேராக வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ‘மாம்பழங்களின்’ என்று வேற்றுமை உருபும் சேர்ந்திருப்பதால் அது எழுவாயாக இருக்க முடியாது என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லாம் தலைகீழ். எழுவாய் முதலில் வரும். அதை விளக்கும் சொற்கள் அதன் பின்னால் வரிசைகட்டும். வினை அந்த வரிசைக்கு அப்பால் நிற்கும்.

எனவே எழுவாயைத் தேடும் வேலையைத் தமிழிடம் ஒப்படைப்பது நல்லது. வாக்கியம் முழுவதையும் மொழிபெயர்க்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. வினையை மட்டும் பிடித்து ‘எது?’, ‘யார்?’ என்று தமிழில் கேட்டால் போதும். பதில் பெரும்பாலும் எழுவாயாகவே இருக்கும்.

மாணவர்களை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் ஒரு ஜோடி இந்தக் கேள்விக்கு எளிதாக மடங்கிவிடுகிறது.

```
A number of buses have been cancelled.
The number of buses has come down.
```

‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் பன்மை, ‘தி நம்பர் ஆஃப்’ வந்தால் ஒருமை என்று மனப்பாடம் செய்கிறவர்கள் தேர்வு அறையில் எது எதற்கு என்று குழம்புவார்கள். கேட்டுப் பாருங்கள். ரத்தானவை எவை? பேருந்துகள். குறைந்தது எது? எண்ணிக்கை. முதல் வாக்கியத்தில் ‘எ நம்பர் ஆஃப்’ என்பது ‘பல’ என்று சொல்வதோடு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டாவதில் எண்ணிக்கையே எழுவாய். மனப்பாடம் தேவையில்லாமல் போகிறது.

‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘டுகெதர் வித்’ போன்ற சொற்கள் நடுவில் வரும் வாக்கியங்களும் இப்படித்தான். ஆசிரியை தன் மாணவர்களோடு காத்திருக்கிறார் என்று தமிழில் சொல்லும்போது, ‘காத்திருக்கிறார்’ ஆசிரியைக்கு மட்டுமே உரியது. மாணவர்கள் எத்தனை பேர் என்பது அந்த வினையைப் பாதிப்பதில்லை. ஆங்கிலத்திலும் அதே கணக்கு. எழுவாய் ‘டீச்சர்’ என்றால் வினை ‘இஸ் வெயிட்டிங்’.

பக்கத்தில் நிற்கும் பெயர்தான் வினையைத் தீர்மானிக்கும் என்ற இடமும் ஆங்கிலத்தில் உண்டு. ‘ஐதர்–ஆர்’, ‘நைதர்–நார்’ என்று இரண்டு பெயர்கள் இணையும்போது, வினைக்கு அருகில் இருக்கும் பெயரைப் பார்த்தே ஒருமை பன்மை முடிவாகும். ஓட்டுநருக்கும் காயமில்லை, பயணிகளுக்கும் காயமில்லை என்று சொல்லும் வாக்கியத்தில் பயணிகள் இரண்டாவதாக வந்தால் ‘வேர்’. ஓட்டுநர் இரண்டாவதாக வந்தால் ‘வாஸ்’.

ஆனால் தமிழ் ஒரு எல்லை வரைதான் துணைக்கு வரும். எழுவாய் எது என்று சொல்லும். அது ஒருமையா பன்மையா என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. அஃறிணையில் நாம் பன்மையைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்கிறோம். ‘மரமெல்லாம் விழுந்துடுச்சு’ என்கிறோம். எழுத்தில் ‘மரங்கள் விழுந்தன’ என்று இருந்தாலும் பேச்சில் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. எனவே எழுவாயைக் கண்டுபிடித்த பிறகு ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்பி வந்து அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ‘நியூஸ்’ என்ற சொல் எஸ்-இல் முடிந்தாலும் ஒருமை. ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’ எவ்வளவு இருந்தாலும் ஒருமைதான். ‘போலீஸ்’ பார்க்க ஒருமை போலிருந்தாலும் பன்மை வினையைக் கேட்கும்.

பிழையான வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் இந்தப் பயிற்சி புதியதும் அல்ல. 1762-இல் ராபர்ட் லோத் எழுதிய ஆங்கில இலக்கண நூல், அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் போன்றவர்களின் வாக்கியங்களையே எடுத்துவைத்துப் பிழை காட்டியது. லோத் பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறிய லிண்ட்லி மரே, 1795-இல் ஓர் இலக்கண நூலையும், 1797-இல் அதற்குத் துணையாகப் பயிற்சி நூல் ஒன்றையும் வெளியிட்டார். அந்தப் பயிற்சி நூலில் வேண்டுமென்றே பிழையாக எழுதப்பட்ட வாக்கியங்கள் இருந்தன. விடைகளுக்குத் தனிப் புத்தகம். இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறைகள் புரட்டிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலிலும் இதே வகைப் பயிற்சிகளைப் பார்க்கலாம். இன்று திரையில் தெரியும் கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

எழுவாய் விஷயத்தில் கைகொடுத்த தமிழ், காலம் காட்டும் விஷயத்தில் நம்மைத் தவறான பக்கம் தள்ளுகிறது. இதை விரிவாகவே பார்க்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான்.

```
My uncle has bought this house in 1998.
```

‘மாமா இந்த வீட்டை 1998-இல் வாங்கியிருக்கிறார்.’ தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. பழைய பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் இப்படித்தான் சொல்வார். ‘வாங்கியிருக்கிறார்’ என்ற வடிவத்துக்குள் ‘இருக்கிறார்’ ஒளிந்திருந்தாலும், ஆண்டைக் குறிப்பிடுவதற்கு அது தடை சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் பிழை கண்ணில் படாது.

ஆங்கிலத்தில் ‘ஹேஸ் பாட்’ என்ற வடிவம் பேசுகிறவரை நிகழ்காலத்திலேயே நிறுத்தி வைக்கிறது. வாங்கி முடித்தாயிற்று, இப்போது கையில் இருக்கிறது என்பதே அதன் செய்தி. எப்போது என்று அது சொல்வதில்லை. முடிந்துபோன ஒரு காலத்தைத் தெளிவாகச் சொன்ன மறுகணம் அந்த வடிவம் விலகி, வெறும் இறந்தகாலமான ‘பாட்’ வந்துவிட வேண்டும். ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ இயர்ஸ் அகோ’, ஓர் ஆண்டின் எண் ஆகியவை முடிந்த காலத்தைச் சொல்பவை. இவற்றில் ஒன்று இருந்து, அதே வினைக்கு ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’ முன்னால் நின்றால், பிழை அநேகமாக அங்கேதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பொருந்தாதவை இரண்டு துண்டுகள். ஒன்றில் வினை, மற்றொன்றில் ஆண்டு. பிழை எதில்? ‘இன் 1998’ என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் சரியாகிவிடுமே? சரியாகிவிடும், ஆனால் ஒரு செய்தி காணாமல் போகும். திருத்தம் என்பது வாக்கியம் சொல்ல வந்ததைக் குறைக்காமல், மிகச் சிறிய மாற்றத்தோடு முடிய வேண்டும். ஆண்டு என்பது தகவல். வினையின் வடிவம் அந்தத் தகவலுக்கு ஒத்துப்போக வேண்டியது. அதனால் வினை இருக்கும் துண்டையே பிழையானதாகக் காட்ட வேண்டும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஊசலாடுகிறவர்களுக்கு இந்த அளவுகோல் பல கேள்விகளில் உதவும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கும் பிழை ஒன்றும் உண்டு.

```
We are living in this street since 2010.
```

‘2010-லிருந்து இந்தத் தெருவில் குடியிருக்கிறோம்’ என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது. ஜெர்மனும் பிரெஞ்சும்கூட இந்த இடத்தில் நிகழ்காலத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஆங்கிலம் மட்டும் பிடிவாதமாக வேறு வடிவம் கேட்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்வதைச் சொல்ல ‘ஹேவ் பீன் லிவிங்’ அல்லது ‘ஹேவ் லிவ்டு’ வேண்டும். ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்லும். ‘ஃபார்’ நீண்ட அளவைச் சொல்லும். காலத்தைக் குறிக்கும் ‘சின்ஸ்’ கண்ணில் பட்டால், முக்கிய வினையில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். ‘ஏனென்றால்’ என்ற பொருளிலும் அதே ‘சின்ஸ்’ வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அங்கே இந்த விதிக்கு வேலை இல்லை.

நேரச் சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கின்றன. வினை நடுவிலோ தொடக்கத்திலோ இருக்கும். வினையைப் படிக்கும்போது நேரம் தெரியாது. நேரத்தைப் படிக்கும்போது வினை மறந்துபோயிருக்கும். அதனால் வாக்கியத்தின் கடைசித் துண்டை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த வகைப் பிழை சீக்கிரம் சிக்கும்.

சில நேரச் சொற்கள் இரண்டு பக்கமும் சாயும். ‘திஸ் மார்னிங்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குப் பேசுகிறவருக்குக் காலை இன்னும் முடியவில்லை. அவர் ‘ஐ ஹேவ் சீன்’ என்று சொல்லலாம். மாலையில் பேசுகிறவருக்கு அது முடிந்த காலம்; அவர் ‘ஐ சா’ என்றுதான் சொல்வார். இப்படி இரண்டுக்கும் இடமிருந்தால் பிழையை வேறெங்காவது தேடுவதே புத்திசாலித்தனம்.

பிறர் சொன்னதைச் சொல்லும்போதும் தமிழ்ப் பழக்கம் குறுக்கே வருகிறது.

```
The officer said that he will sign the file the next day.
```

‘மறுநாள் கையெழுத்துப் போடுவேன் என்று அதிகாரி சொன்னார்.’ சொன்னது நேற்றாக இருந்தாலும், நாம் ‘போடுவேன்’ என்ற எதிர்காலத்தை அப்படியே வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் நகரும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். ‘தி நெக்ஸ்ட் டே’ என்ற சொற்களே இங்கே சாட்சி. அதிகாரி தன் வாயால் ‘டுமாரோ’ என்றுதான் சொல்லியிருப்பார். நேரச் சொல் நகர்ந்திருக்கும்போது வினை மட்டும் நகராமல் நிற்கிறது. எக்காலத்துக்கும் உண்மையான செய்தி என்றால் நகர வேண்டியதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்னும் வாக்கியத்தில் ‘மூவ்ஸ்’ என்று நிகழ்காலம் இருந்தால் அது பிழையாகாது. ‘நோ எரர்’ கேள்விக்கு இப்படியொரு வாக்கியம் வாகாகப் பொருந்தும்.

எழுவாய்க்குத் தமிழைக் கேட்டோம். காலத்துக்கு நேரச் சொல்லைக் கேட்டோம். மூன்றாவது வகைப் பிழைக்கு இரண்டாலும் பயனில்லை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது பற்றிய பிழை அது.

```
The members discussed about the new bus route.
```

‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பிறகு ‘அபௌட்’ வராது. விவாதிக்கும் பொருள் நேராக வந்துவிடும். நமக்கு அந்த ‘அபௌட்’ இயல்பாகத் தோன்றக் காரணம், ‘பற்றி’ என்ற சொல் மட்டுமில்லை. ‘டாக் அபௌட்’ உண்டு. ‘டிஸ்கஷன் அபௌட்’ என்று பெயர்ச்சொல்லோடும் உண்டு. அப்படியானால் ‘டிஸ்கஸ்’ மட்டும் ஏன் விலக வேண்டும் என்று மனம் கேட்கிறது. நைஜீரியாவிலும் மலேசியாவிலும் ஆங்கிலம் பேசுகிறவர்களிடமும் இதே ‘டிஸ்கஸ் அபௌட்’ கேட்கக் கிடைக்கிறது. ஆங்கிலத்தின் உள்ளேயே இருக்கும் ஒப்புமை அவர்களையும் நம்மையும் ஒரே இடத்துக்கு இழுத்து வருகிறது. ‘கோப் அப் வித்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘கம்ப்ரைஸ் ஆஃப்’ ஆகியவையும் தேர்வுகளில் பிழையாக எண்ணப்படும் சேர்க்கைகள்.

இதற்கு விதி தேடுவது வீண். அகராதிதான் வழி, அதிலும் கற்பவர்களுக்காக எழுதப்பட்ட அகராதி. ஆல்பர்ட் ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். பொருள் மட்டும் தெரிந்தால் தன் மாணவர்களால் வாக்கியம் அமைக்க முடியவில்லை, ஒரு வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரிய வேண்டும் என்பதை அவர் கண்டார். அவரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து, வினைகளின் பின்னே வரும் அமைப்புகளையும் காட்டும் அகராதி ஒன்றை உருவாக்க, அது 1942-இல் டோக்கியோவில் வெளியானது. போருக்குப் பிறகு 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்ற பெயரில் கடைகளில் இருப்பது அதன் வழிவந்ததுதான். ‘டிஸ்கஸ்’ என்ற பதிவைத் திறந்தால், ‘டிஸ்கஸ் சம்திங் வித் சம்பாடி’ என்ற அமைப்பைக் காணலாம். ‘அபௌட்’ அங்கே இல்லை. ஒரு வினையை மனப்பாடம் செய்யும்போது பொருளோடு இந்த அமைப்பையும் சேர்த்து ஒரு வரி எழுதிக்கொள்கிறவர்கள், திரையில் தவறான சேர்க்கையைக் கண்டதும் நின்றுவிடுவார்கள்.

‘நோ எரர்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிழை தேடும் மனநிலையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரியான வாக்கியமும் தவறாகவே தெரியும்.

```
Five hundred rupees is enough for this trip.
```

‘ருபீஸ்’ பன்மை, வினை ஒருமை. பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் ஐந்நூறு ரூபாய் என்பது இங்கே ஒரே தொகை. பணம், தூரம், நேரம் ஆகியவற்றை மொத்தமாக ஓர் அளவாகச் சொல்லும்போது ஆங்கிலம் ஒருமையைத்தான் விரும்புகிறது. இந்த வாக்கியத்தில் பிழை இல்லை. எழுவாய், நேரம், சொற்சேர்க்கை என்ற மூன்று சோதனைகளையும் செய்து எதுவும் சிக்கவில்லை என்றால், ‘நோ எரர்’ விடையைத் தயங்காமல் எடுக்கலாம். நான்காவதாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு நல்ல துண்டைக் குற்றவாளியாக்குவதில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இன்னும் சிக்கலானவை, ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள இடங்கள். கீழே இருக்கும் இரண்டையும் பாருங்கள்.

```
She is one of the doctors who works at night.
She is the only one of the doctors who works at night.
```

இரவில் வேலை செய்பவர்கள் யார் என்று முதல் வாக்கியத்தைக் கேட்டால், மருத்துவர்கள் என்பதே பதில். அவர்களில் இவரும் ஒருவர். எனவே தேர்வு இலக்கணப்படி ‘வொர்க்’ என்று பன்மை வர வேண்டும். இரண்டாவதில் இரவில் வேலை செய்வது இவர் ஒருவர்தான், ‘வொர்க்ஸ்’ சரி. கேள்வித்தாளில் இந்தப் பதிலை நம்பிச் செல்லலாம். ஆனால் வெளியே நல்ல எழுத்தாளர்கள் பலர் முதல் வாக்கியத்திலும் ஒருமையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டு அகராதிகளும் அதைப் பதிவுசெய்கின்றன.

‘லெஸ்’, ‘ஃபியூவர்’ விவகாரமும் இதைப் போன்றதுதான். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்று இன்று உறுதியான விதியாகச் சொல்லித்தரப்படுகிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் இதை எழுதியபோது, இப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்ற தன் விருப்பமாகத்தான் எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே எண்ணக்கூடியவற்றுக்கும் ‘லெஸ்’ வழங்கிவந்தது. ‘டீம்’, ‘கமிட்டி’ போன்ற கூட்டப் பெயர்களுக்குப் பிரிட்டனில் பன்மை வினை சகஜம். அமெரிக்காவில் ஒருமைதான் வழக்கம். ‘நன் ஆஃப் தெம்’ என்பதற்கு ஒருமை பன்மை இரண்டையும் இன்றைய இலக்கண நூல்கள் ஏற்கின்றன.

தேர்வு அறையில் இதற்கு நடைமுறைத் தீர்வு உண்டு. சர்ச்சைக்குரிய துண்டு ஒன்றும், மறுக்கவே முடியாத பிழை இருக்கும் துண்டு ஒன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால், மறுக்க முடியாததையே எடுக்க வேண்டும். ‘கமிட்டி ஹேவ்’ என்று முதல் துண்டிலும், ‘டிஸ்கஸ்டு அபௌட்’ என்று மூன்றாம் துண்டிலும் இருந்தால் விடை மூன்றாம் துண்டு. சர்ச்சைக்குரியது மட்டுமே இருந்தால், பள்ளி இலக்கண நூல் சொல்லும் கறாரான விதியைப் பின்பற்றுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. கேள்வி தயாரிப்பவரின் மேசையிலும் பெரும்பாலும் அந்த வகை நூல்தான் இருக்கும்.

அப்படியும் விடை மாறிப்போகலாம். எஸ்.எஸ்.சி. தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைப்பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபங்களுக்குக் கால அவகாசம் தருகிறது. ஆங்கிலக் கேள்விக்கு ஆட்சேபம் எழுதுகிறவர், ‘இப்படியும் சொல்வார்கள்’ என்று மட்டும் எழுதினால் அதற்கு வலு இல்லை. எந்தத் துண்டு, அதில் எந்தச் சொல், அது எந்தச் சொல்லோடு பொருந்த வேண்டும், எந்த அகராதியின் எந்தப் பதிவு அல்லது எந்த இலக்கண நூலின் எந்தப் பகுதி அதற்கு ஆதாரம் என்று நான்கு வரிகளில் காட்ட வேண்டும்.